சொல் இல்லாமல் வந்த படம்

இரவு பத்து மணி. திருநெல்வேலியில் உள்ள ஒரு டாக்டரின் கைப்பேசிக்கு மும்பை தாராவியிலிருந்து ஒரு படம் வருகிறது. அனுப்பியவர் அவருடைய தாய்மாமன். படத்தில் இருப்பது மார்பு சி.டி. ஸ்கேன் பிலிம். ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து எடுத்திருக்கிறார்கள். மேலே ஒரு விரல், நடுவில் விளக்கின் வெளிச்சக் கோடு. பெயர் இருக்க வேண்டிய மூலை வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

மும்பையில் மட்டுமல்ல, பெங்களூரிலும் டில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிய காட்சி அன்று. இதை அசட்டை என்று ஒதுக்கிவிடுவதும் நியாயமாகாது. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்குள்ள டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ இரண்டு நிமிடம் பேசிவிட்டு அடுத்தவரை அழைக்கிறார். என்ன சொன்னார் என்பது பாதிதான் புரிகிறது. புரியாததை எப்படி எழுதுவது? ஆகவே படமே பேசட்டும் என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் படம் பேசாது என்பதே இதிலுள்ள சங்கடம்.

முதலில் பிலிம் என்பது என்ன என்று பார்ப்போம். மார்பின் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ. என்று கொண்டால், ஒரு மி.மீ. கனத்தில் அதை ரொட்டித் துண்டுகளைப் போல் வெட்டிப் பார்க்கும் இயந்திரம் 300 படங்களைத் தருகிறது. ஒரு பிலிமில் அச்சாவது இருபது, முப்பது படங்களே. மூன்று பிலிம் கொடுத்தாலும் எல்லாப் படங்களும் அவற்றில் அடங்கா. ஐந்து மி.மீ. அளவுள்ள சிறு கட்டி, அச்சான இரண்டு படங்களுக்கு இடையில் விழுந்துவிடக்கூடும். பிலிமில் அது இல்லை என்பதால் நுரையீரலிலும் இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொரு குறையும் உண்டு. சி.டி. இயந்திரம் உடலின் ஒவ்வொரு புள்ளியையும் ஓர் எண்ணாகப் பதிகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, எலும்புக்குப் பல நூறு. இவ்வளவு வேறுபாட்டையும் கண்ணால் ஒரே நேரத்தில் பிரித்தறிய முடியாது. அதனால் நுரையீரலைப் பார்க்க ஒரு விதமாகவும், இருதயத்தையும் நெறிக்கட்டிகளையும் பார்க்க வேறு விதமாகவும் வெளிச்சத்தை அமைத்து அச்சிடுகிறார்கள். நுரையீரலுக்காக அச்சிட்ட படத்தில் மென்மையான சதையும் வெள்ளை. சுண்ணாம்பு படிந்து இறுகிய பழைய வடுவும் வெள்ளை. அந்த வடு பெரும்பாலும் ஆறிப்போன நோயின் அடையாளம். மென்மையான கட்டியோ விசாரிக்கப்பட வேண்டிய ஒன்று. கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சத்தை மாற்றி, எண்ணையும் பார்த்தால் இரண்டையும் பிரிக்கலாம். பிலிமில் அந்த வசதி இல்லை. அதை ட்யூப்லைட்டில் பிடித்துப் படம் எடுத்து, கைப்பேசி வழியே சுருக்கி அனுப்பும்போது, மிச்சமிருந்த வேறுபாடும் கரைந்துவிடுகிறது.

மீண்டும் திருநெல்வேலி டாக்டரிடம் வருவோம். வலது நுரையீரலின் மேல் பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு அவர் கண்ணில் படுகிறது. அனுப்பிய மாமனுக்கு வயது அறுபது. நாற்பது வருடமாகப் பீடி குடிப்பவர். டாக்டரின் மனம் புற்றுநோய் என்ற பக்கம் ஓடுகிறது. "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று எழுதப் போனவர், நிதானித்து ஒரு கேள்வி கேட்கிறார்: "மாமா, படம் யாருடையது?" பதில் வருகிறது: "எனக்கில்லை மாப்ளே, உன் சின்ன மாமாவுக்கு."

இந்த ஒரு பதிலில் படத்தின் பொருளே மாறிவிடுகிறது. சின்ன மாமாவுக்கு வயது 47. பீடி, சிகரெட் பழக்கம் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன் காசநோய்க்கு முழுச் சிகிச்சை பெற்றவர். இப்போது மூன்று வாரமாக இருமல். அதே வெள்ளைத் திட்டு இப்போது பழைய காசநோயின் தழும்பாக இருக்கலாம்; திரும்பி வந்த காசநோயாகவும் இருக்கலாம். புற்றுநோய் இல்லவே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. இவற்றைப் பிரித்துக் காட்ட இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய எக்ஸ்ரே. அதே இடத்தில் அதே அளவில் நிழல் அன்றும் இருந்திருந்தால் மனம் பாதி ஆறும். மற்றொன்று, சளிப் பரிசோதனை. கிருமி இருக்கிறதா என்பதற்குச் சளிதான் சாட்சி. நிழலைப் பார்த்து மட்டும் அதைத் தீர்மானிக்க இயலாது. அரசின் காசநோய்த் திட்டத்தில் இச்சோதனையும் மருந்தும் இலவசம்.

டாக்டர் அவசரப்பட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தால், கிருமி பரப்பும் ஒருவர் பத்துக்குப் பத்து அறையில் பிள்ளைகளோடு படுத்திருப்பார். "புற்றுநோய் போலிருக்கிறது" என்று எழுதியிருந்தால், அன்றிரவு அந்த வீட்டில் யாரும் உறங்கியிருக்கமாட்டார்கள்.

தேர்ந்த நிபுணரின் கண்ணும் கேள்வியைப் பொறுத்தே பார்க்கிறது. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து, சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க நிபுணர்களைக் கேட்டார்கள். படத்துக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தையும் ஒளித்து வைத்திருந்தார்கள். அது கட்டியைப் போல் 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. தேடச் சொன்னது கட்டியை, கண்டது கட்டியை. எதைத் தேடுவது என்றே சொல்லாமல், விரல் மறைத்த படத்தை அனுப்பி, அதில் எல்லாம் தெரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

ரிப்போர்ட்டின் கடைசியில், நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். தப்பித்துக்கொள்ள எழுதியது என்று பலர் அதைக் கேலி செய்வதுண்டு. உண்மையில் அந்தத் தாளிலேயே நேர்மையான வரி அதுதான். நிழலைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

ஆகவே ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்புவோர், முதலில் அச்சடித்த ரிப்போர்ட்டை அனுப்பட்டும். அத்தனை படங்களையும் திரையில் பார்த்தவர் எழுதியது அது. கூடவே நான்கு வரி: யாருக்கு, என்ன வயது, என்ன தொல்லை, எத்தனை நாளாக, முன்பு காசநோயோ வேறு நோயோ இருந்ததா, புகைப் பழக்கம் உண்டா, ஸ்கேன் எடுக்கச் சொன்னவர் எதற்காகச் சொன்னார். தமிழில் எழுதினாலே போதும். எழுத வராதவர்கள் பேசி அனுப்பலாம்.

பொறுப்பு அவர்களோடு முடிவதில்லை. ஸ்கேன் நிலையங்கள் பிலிமோடு முழுப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டையும் கேளாமலே கொடுக்க வேண்டும். பல மொழிக்காரர்கள் வாழும் நகரத்தில் தொழில் நடத்தும் டாக்டர்கள், முடிவு என்ன, அடுத்து எங்கே போக வேண்டும் என்ற இரண்டையாவது நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். வார்டில் ஒரு தமிழ் நர்ஸோ, ஒரு தமிழ்ப் பணியாளோ இல்லாத பெரிய ஆஸ்பத்திரி மும்பையில் அபூர்வம். அங்கே இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவிட்டிருந்தால், அந்தப் படம் இரவு பத்து மணிக்குத் திருநெல்வேலிக்குப் பயணம் செய்திருக்க வேண்டியதில்லை.