மழையில்லா நாளின் ஒற்றை வரி

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மழை அளவைக் கணக்கிடும்போது, மழை பெய்யாத நாளுக்குச் சுழியம் எழுதப்படுகிறது. அளவு எடுக்கப்படாத நாள் வேறு குறியீடு பெறுகிறது. இந்த வேறுபாட்டைக் கணினிச் செயற்பதிவுகள், அதாவது ஒரு நிரல் தான் செய்தவற்றைத் தானே எழுதிவைக்கும் ‘லாக்’ கோப்புகள், பெரும்பாலும் காப்பாற்றுவதில்லை.

சின்னசேலத்திலும், கோமுகி அணைக்கு நீர் தரும் கல்வராயன் மலைச் சரிவுகளிலும் ஆறு தானியங்கி மழைமானிகள் இருப்பதாகவும், அவற்றின் அளவுகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிரல் திரட்டுவதாகவும் கொள்வோம். நாளொன்றுக்கு 96 ஓட்டங்கள் நிகழும். பிப்ரவரி மாதத்தில் அவற்றில் ஏறத்தாழ எல்லாமே மழையைக் காணாத வெற்று ஓட்டங்களாகவே முடியும். இணைப்பு திறந்தது, கோரிக்கை சென்றது, விடை வந்தது என ஒவ்வொன்றும் 30 வரிகள் எழுதினால், ஒரே நாளில் 2,880 வரிகள் சேர்ந்து, ஒரு மானி விடை தராமல் போனதைச் சொல்லும் ஒற்றை வரி அவற்றினடியில் புதைந்துவிடும். இதற்கு அஞ்சி வெற்று ஓட்டத்தில் எதையுமே எழுதாமல் விடுவது இன்னும் கேடானது. ஏனெனில் மழையில்லாத அமைதியும், நிரல் நின்றுபோன அமைதியும் பார்ப்பவருக்கு ஒன்றாகவே தோன்றும்.

ஆகவே எழுதத்தக்கது இத்தகைய ஒரு வரி:

```
2025-02-11T06:15:04+05:30 mazhai OK stations=6/6 rain=0 latest=06:00 took=2.1s
```

இதில் `stations=6/6` என்பதே உயிர்நாடி. ஆறு மானிகளும் விடை தந்தபின் கிடைத்த சுழியமே மழையின்மைக்குச் சான்றாகும், `4/6` என்றால் அது வெற்று ஓட்டமன்று, எச்சரிக்கை நிலையில் விரிவாக எழுதப்பட வேண்டியது. `latest` நகராமல் ஒரே நேரத்திலேயே நின்றுவிட்டால், பழைய அளவே திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரியும்.

விரிவான வரிகளை இழக்கவும் வேண்டியதில்லை. பைத்தான் மொழியின் `MemoryHandler` அவற்றை நினைவகத்தில் தேக்கிவைத்து, `flushLevel` மதிப்பை `WARNING` ஆக்கினால், எச்சரிக்கையோ பிழையோ நேர்ந்தால் மட்டும் கோப்புக்கு அனுப்பும். ஆயினும் அதன் `flushOnClose` இயல்பாக `True` என்றிருப்பதால், அதை `False` ஆக்காவிட்டால் பிழையற்ற ஓட்டத்தின் வரிகளும் இறுதியில் கொட்டப்பட்டுவிடும். கொள்ளளவு நிரம்பினாலும் அவை வெளியேறும் என்பதால், ஓர் ஓட்டத்தின் வரிகளைவிடக் கொள்ளளவு பெரிதாயிருத்தல் வேண்டும். நிரல் திடீரெனக் கொல்லப்பட்டால் தேங்கியவை அழிந்துபோகும். அப்போது வரவேண்டிய ஒற்றை வரி வராததே ஒரே தடயமாதலால், 30 நிமிடம் வரி இல்லையெனில் எச்சரிக்கும் தனிக் கண்காணிப்பு இதனுடன் கட்டாயம் வேண்டும்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. புனலில் இலை அடைத்துக்கொண்ட மானி, கொட்டும் மழையிலும் தவறாமல் விடை தந்து சுழியத்தையே சொல்லும். அந்தப் பொய்யை எந்தச் செயற்பதிவும் காட்டாது, அருகிலுள்ள கைமுறை மானியின் காலை அளவோடு ஒப்பிட்டால்தான் அது வெளிப்படும்.