"மினிமம் கட்டுனா போதும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீங்க

சிம்பாங் அம்பாட்டிலிருந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தா அவங்களுக்கும் காட்டுங்க.

போன வாரம் அன்னதானத்துக்குக் காய் வெட்டிக்கிட்டு இருந்தப்போ ஒரு தம்பி கிரெடிட் கார்டு கடனைப் பற்றிப் பேசினான். பக்கத்துல இருந்த பெரியவர் ஒருத்தர், "மாசாமாசம் மினிமம் கட்டுப்பா, பேரு கெடாது" என்றார். நம்ம ஃபேக்டரியிலும் இதே பேச்சுதான். இந்த ஆலோசனையைத்தான் நான் எதிர்க்கிறேன். பேரு கெடாது, தாமதக் கட்டணம் விழாது, அது உண்மைதான். ஆனா கடன் தீரும் என்று யாரும் சொல்லலையே!

கணக்கைப் பார்ப்போம். தம்பிக்குச் சம்பளம் 2,800 வெள்ளி என்று வச்சுக்குங்க. கைப்பேசி, மோட்டார் ரிப்பேர், தீபாவளிச் செலவு எல்லாம் சேர்ந்து கார்டுல 5,000 வெள்ளி ஏறிடுச்சு. நம்ம நாட்டுல மினிமம் என்பது பொதுவா பாக்கியில 5 சதவீதம், குறைஞ்சது 50 வெள்ளி. அப்போ இந்த மாசம் 250 வெள்ளி. கட்டியாச்சு. மீதி 4,750. வட்டி வருஷத்துக்கு 18 சதவீதம் என்றால் மாசத்துக்கு ஒன்றரை. அது சுமார் 71 வெள்ளி. அடுத்த ஸ்டேட்மெண்டுல 4,821 என்று வரும். 250 வெள்ளி கட்டியும் கடன் 179 வெள்ளிதான் இறங்கிச்சு.

இதைவிட மோசமானது அடுத்ததுதான். இரண்டாவது மாசம் மினிமம் 241 ஆகிடும். அப்புறம் 232. பார்க்கிறவனுக்கு, "அட, சுமை குறையுதே" என்று தோணும். உண்மையில பேங்க் உங்களை மெதுவா கட்டச் சொல்லுது! பாக்கி குறையக் குறைய நீங்க கட்டுறதும் குறையுது, அதனால கடன் இழுத்துக்கிட்டே போகுது. இப்படியே மினிமம் மட்டும் கட்டினா, கார்டை இனி ஒரு தடவைகூடத் தேய்க்காம இருந்தாலும், தீர்றதுக்கு ஐந்தரை வருஷத்துக்கு மேல ஆகும். வட்டி மட்டும் தோராயமா 1,800 வெள்ளி.

அதே தம்பி மினிமம் எவ்வளவு இறங்கினாலும் கண்டுக்காம, முதல் மாசம் கட்டின அந்த 250-ஐயே ஒவ்வொரு மாசமும் கட்டட்டும். இரண்டு வருஷத்துல கடன் முடிஞ்சிடும். வட்டி சுமார் 900, பாதிதான். சம்பளம் ஏறல, ஓவர்டைம் கூடுதலா எடுக்கல. மினிமத்தைப் பார்த்துக் கட்டுறதை மட்டும் விட்டான்.

"கட்டுறேனே, கார்டையும் பயன்படுத்துறேன்" என்று சிலர் சொல்வாங்க. அங்கேதான் இன்னொரு குழி இருக்கு. முழுப் பணமும் கட்டுறவனுக்கு மட்டும்தான் வட்டி இல்லாத நாட்கள், குறைஞ்சது 20 நாள். பாக்கி வச்சவனுக்கு அந்தச் சலுகை போயிடும். அவன் இன்னைக்குப் பெட்ரோல் போட்டா, அது கணக்குல ஏறின நாள்லிருந்தே வட்டி ஓடும். கார்டுல ரொக்கம் எடுத்தாலோ எடுத்த நாளே வட்டி, தனியா ஒரு கட்டணமும் உண்டு. சம்பளம் பத்தலன்னு ஏடிஎம்முல கார்டைச் சொருகுற பிள்ளைகள் இதை அறியணும்.

ஒழுங்கா கட்டுறவனுக்கு வட்டி குறையுமே என்பாங்க. சரிதான். தொடர்ந்து 12 மாசமும் நேரத்துக்கு மினிமம் கட்டினவனுக்கு 15 சதவீதம், 12-ல் 10 மாசமாவது கட்டினவனுக்கு 17, மற்றவங்களுக்கு 18 வரை. ஆனா 15-ம் சின்ன வட்டி இல்லைங்க. ஆலோங் பக்கம் போகாதே என்று பிள்ளைகளைத் திட்டுறோம், இந்த வட்டியைப் பற்றி வாயே திறக்கிறதில்லை.

வருஷத்துக்கு 36,000 வெள்ளிக்குள் சம்பாதிக்கிறவங்களுக்கு இரண்டு பேங்க் கார்டுதான், ஒவ்வொண்ணிலும் அதிகபட்சம் இரண்டு மாசச் சம்பளம் அளவுதான் என்று பேங்க் நெகாரா கட்டுப்பாடு வச்சிருக்கு. நல்ல கட்டுப்பாடுதான். ஆனாலும் நம்ம 2,800 வெள்ளித் தம்பிக்கு இரண்டு கார்டும் சேர்த்து 11,200 வரை கடன் ஏறலாம். மினிமமே 560 வெள்ளி. வாடகை, மோட்டார் தவணை போக அவன் என்ன சாப்பிடுவான்?

பிள்ளைகளே, ஸ்டேட்மெண்டை எடுத்து வட்டி என்ற வரியைப் பாருங்க. மினிமம் மட்டும் கட்டினா வட்டி கூடும், தீர நாளாகும் என்ற எச்சரிக்கையும் அதுலேயே அச்சடிச்சிருக்கும், யாரும் படிக்கிறதில்லை. இரண்டு கார்டுல பாக்கி இருந்தா, வட்டி அதிகமான கார்டுக்குக் கூடுதலா கட்டுங்க, மற்றதுக்கு மினிமம் போதும். அந்த வார்த்தைக்கு உபயோகம் உள்ள ஒரே இடம் அதுதான்.

மினிமமே கட்ட முடியாத நிலைக்கு வந்தவங்க, பேங்க் நெகாரா 2006-ல் அமைச்ச ஏ.கே.பி.கே.-க்குப் போகலாம். ஆலோசனை இலவசம். உங்க வருமானத்தைப் பார்த்து, பேங்குகளோட பேசி மாசத் தவணை போட்டுத் தருவாங்க. அதுல சேர்ந்தா கார்டுகளைப் பயன்படுத்த முடியாது, முடியும் வரை புதுக் கடன் வாங்கவும் அவங்களைக் கேட்கணும். கமிஷன் வாங்கிக்கிட்டு "கடனைக் குறைச்சுத் தர்றேன்" என்று ஃபோன் பண்ற ஆட்கள் வேற, அவங்ககிட்ட ஐசி நம்பரைக் கொடுத்துடாதீங்க.