வெள்ளிக்கிழமை 12.45: "கண்டுக்காதீங்க" வேணாம், கணக்கு வேணும்

1/
வெள்ளிக்கிழமை மதியம் எந்த அரசு அலுவலகத்துலயும், ஆஸ்பத்திரியிலயும் கேக்குற டயலாக்: "பாய் எங்க? தொழுகைக்குப் போயிட்டாரா? சரி, கண்டுக்காதீங்க." நல்ல மனசோட சொல்ற வார்த்தைதான். ஆனா பாய்க்கும் நோயாளிக்கும் அதிகமா கெடுதல் செய்யறதும் இந்த "கண்டுக்காதீங்க"தான். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
நான் வடசென்னையில ஒரு அரசு மருத்துவமனை டாக்டர். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மக்கள் வர்ற இடம். நான் ஜும்மாவுக்குப் போறவன் இல்ல. போறவங்களோட தினமும் வேலை செய்யறவன். அதனால இதை மார்க்கப் பிரச்சினையா பேசப் போறதில்ல, டியூட்டி ரோஸ்டர் பிரச்சினையா பேசப் போறேன்.

3/
"அஞ்சு வேளைத் தொழுகையை ரூம்ல ஒரு ஓரமா தொழுதுக்கலாமே, ஜும்மாவுக்கு மட்டும் ஏன் வெளியே போகணும்?"னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. ஜும்மாவைத் தனியா தொழ முடியாது. ஜமாத் வேணும், இமாமோட குத்பா வேணும். அது தவறினா லுஹர்தான் தொழணும், ஜும்மா திரும்பக் கிடைக்காது. வயசுக்கு வந்த ஆண்களுக்கு அது கடமை. பெண்களுக்குக் கட்டாயம் இல்ல.

4/
இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது. வெள்ளி முழுக்க வேலை செய்யாம இருக்கச் சொல்ற மதம் இல்ல இது. அழைப்பு கேட்டா வியாபாரத்தை விட்டுட்டு வா, தொழுகை முடிஞ்சதும் போய்ப் பிழைப்பைப் பாருங்கறதுதான் குர்ஆன்ல ஜும்மா அத்தியாயத்தோட சாரம். அதாவது அவங்க கேக்குறது ஒரு நாள் லீவு இல்ல. போக, தொழ, வர ஒன்றேகால் மணி நேரம்.

5/
அந்த ஒன்றேகால் மணி எங்க விழுதுன்னு பாருங்க. சூரியன் உச்சி சாய்ஞ்ச பிறகுதான் ஜும்மா நேரம் ஆரம்பம். சென்னையில அந்த உச்சி நேரம் நவம்பர் தொடக்கத்துல 11.53, பிப்ரவரி நடுவுல 12.23 வாக்குல வரும். வருஷம் முழுக்க வித்தியாசம் அரை மணிதான். அதனால பள்ளிவாசல்கள் வருஷத்துக்கும் ஒரே நேரம் வைக்க முடியுது. அப்போ நாமளும் ரோஸ்டர்ல வருஷத்துக்கும் ஒரே நேரம் எழுத முடியும். திடீர்னு வர்ற அவசரம் இல்ல இது. அடுத்த வருஷம் எந்தெந்த நாள்ல வரும்னு இன்னிக்கே சொல்லிடலாம்.

6/
இப்போ ஒரு நிஜக் கணக்கு. எங்க லேப் டெக்னீஷியன் ஒருத்தர். காலை 8 முதல் 2 வரை ஷிப்ட். அந்த ஷிப்ட்ல ரெண்டு பேர், 2 மணிக்கு அடுத்த ஆள் வருவார். வெள்ளிக்கிழமை இவர் 12.45-க்குக் கிளம்பணும். 75 நிமிஷம் குறையுது. பல வருஷமா யாரும் கண்டுக்கல. ஒரு நாள் பொறுப்புல இருந்தவர் மாறினார். புதுசா வந்தவர் பயோமெட்ரிக்கைப் பார்த்தார். மெமோ வந்துச்சு.

7/
இதுதான் நான் சொல்ற கெடுதல் நம்பர் ஒண்ணு. எழுத்துல இல்லாத சலுகை, கொடுத்த ஆளோட சேர்ந்து மாறுதலாகிப் போயிடும். பர்மிஷன் போட்டும் சமாளிக்க முடியாது. அது எப்பவாவது கேக்குறதுக்கு. வெள்ளி மாசத்துக்கு நாலு வரும், சில மாசம் அஞ்சு.

எழுத்துல இருந்தாலே போதும்னும் இல்ல. அஸ்ஸாம் சட்டமன்றத்துல வெள்ளிக்கிழமை ஜும்மா இடைவேளை 1937-ல சாதுல்லா காலத்துல இருந்து இருந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல எடுத்துட்டாங்க. சொன்ன காரணம், வேலை நேரம் வீணாகுது. அந்தக் காரணத்தை யாரும் சொல்ல முடியாதபடி செய்யணும்னா, நேரத்தைத் திருப்பிக் கொடுக்குற கணக்கு உள்ளேயே இருக்கணும்.

8/
கெடுதல் நம்பர் ரெண்டு, நோயாளிக்கு. இதை என் முஸ்லிம் நண்பர்களும் கவனிச்சுப் படிக்கணும். சாதா ட்யூப்ல எடுத்த ரத்தத்தைச் சுத்தாம வச்சா, ரத்த அணுக்கள் உள்ளேயே சர்க்கரையைத் தின்னுட்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்துல மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். 12.45-க்கு 200 இருந்த சர்க்கரை, 2 மணிக்கு அடுத்த ஆள் வந்து போடறப்ப 185 கிட்ட காட்டலாம். பொட்டாசியமும் நம்ப முடியாத அளவாயிடும். மெஷின் மேல தப்பில்ல, ட்யூப் காத்திருந்ததுதான் தப்பு.

9/
"இன்னொரு டெக்னீஷியன் இருக்காரே"ன்னு கேப்பீங்க. இருக்கார். ஆனா கண்டுக்காத ஏற்பாட்டுல யார்கிட்ட எதை ஒப்படைச்சோம்னு எழுத முடியாது. எழுதினா போனது தெரிஞ்சிடும். அதனால ட்யூப் ஸ்டாண்டுல நிக்கும், இவர் போட்டுட்டார்னு அவர் நினைப்பார். ரகசியமா போறதோட விலை இது.

10/
மெமோவுக்கு அப்புறம் உக்காந்து ஒரு பக்கத்துல எழுதின திட்டம்:

வெள்ளி 12.45-க்குக் கிளம்புவார். செவ்வாய் 45 நிமிஷம் முன்னாடி, 7.15-க்கு வருவார். வெள்ளி 30 நிமிஷம் முன்னாடி, 7.30-க்கு வருவார். மொத்தம் 75. அதே வாரத்துல கணக்கு முடியும், அடுத்த வாரத்துக்குக் கடன் கிடையாது. ஒரு வெள்ளி போகலைன்னா அன்னிக்கு ஷிப்ட் முழுசும் இருப்பார், ஈடு நேரத்தைக் கழிச்சுக்குவார்.

11/
ஏன் செவ்வாய், வெள்ளி? எங்க சர்க்கரை, பிரஷர் கிளினிக் அந்த ரெண்டு நாள். ஈடு செய்யற நேரத்தைச் சும்மா சாயங்காலம் 2 முதல் 3.15 வரை போட்டிருந்தா கடிகாரத்துக்கு நேர் ஆகும், ஆனா அப்போ லேப்ல வேலை கம்மி. அது பேருக்கு உக்காந்திருக்கிறது. நேரத்தைத் திருப்பிக் கொடுக்குறதுன்னா, நோயாளி வரிசையில நிக்கிற நேரத்துல கொடுக்கணும்.

12/
காசிமேட்டுல விடியக்காலையில ஏலம் எடுத்து மீனை ஐஸ்ல வச்சுட்டு, வெறும் வயித்தோட லேபுக்கு வர்ற அக்காக்களை யோசிங்க. முன்னாடி 8 மணிக்கு லேப் திறந்து, வரிசை நகர்ந்து, ரத்தம் கொடுக்க 8.45 ஆகும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இரண்டாவது ரத்தம், கிட்டத்தட்ட 11. அதுக்குள்ள வியாபாரம் போச்சு. பாதிப் பேர் ரெண்டாவது ரத்தம் கொடுக்காமலே போயிடுவாங்க.

13/
இப்போ செவ்வாய்ல 7.15-க்கு ரத்தம். 7.30-க்கு இட்லி. நடுவுல ஒரு நடை வியாபாரம். 9.30-க்கு ரெண்டாவது ரத்தம், வேலை முடிஞ்சது. டெஸ்ட் சீட்டை போன விசிட்லயே எழுதிக் கொடுத்துடறோம், ஓபி கவுன்ட்டர் திறக்கக் காத்திருக்க வேணாம். ஒரு மனுஷன் ஜும்மாவுக்குப் போறதால மீன்காரக்காவுக்கு ஒரு காலை நேரம் திரும்பக் கிடைச்சிருக்கு. இதுல யாருக்கு யார் சலுகை கொடுத்தாங்க, சொல்லுங்க?

14/
திட்டத்துல இன்னும் மூணு வரி இருக்கு. ஒண்ணு, 12.15 வரைக்கும் வந்த ட்யூப் எல்லாம் சுத்தி, சீரம் பிரிச்சு வச்சுட்டுத்தான் கிளம்பணும். ரெண்டு, மிச்சம் என்ன இருக்குன்னு ரெஜிஸ்டர்ல எழுதி, மத்தவர் கையெழுத்து வாங்கணும். மூணு, மத்தவர் லீவுன்னா இவர் அந்த வெள்ளி போகக் கூடாது.

15/
மூணாவது வரிக்கு அவரே தயங்கலை. நோயாளியைக் கவனிக்க வேற ஆள் இல்லைன்னா ஜும்மாவை விட்டு லுஹர் தொழ மார்க்கத்துலயே இடம் இருக்கு. நம்ம அரசியல் சாசனம் 25-வது பிரிவும் மதச் சுதந்திரத்தைக் கொடுக்கறப்பவே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம்னு மூணு எல்லை வச்சிருக்கு. மார்க்கமும் சட்டமும் இங்க ஒரே இடத்துலதான் கோடு போடுது. நடுவுல நின்னு சண்டை போடறது நாமதான்.

16/
உலகத்துல இது புதுசும் இல்ல. லண்டன்ல இஃப்திகார் அகமதுன்னு ஒரு பள்ளி ஆசிரியர். வெள்ளி மதியம் முக்கால் மணி நேரம் கிளாஸ் தவறும். நிர்வாகம் சொன்னது: வாரத்துல நாலரை நாள் வேலை செய், சம்பளமும் அதுக்கேத்த மாதிரி. அவர் 1975-ல ராஜினாமா பண்ணி வழக்குப் போட்டார். 1977-ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துல மூணு நீதிபதிகள்ல ரெண்டு பேர் அவருக்கு எதிரா. ஒருத்தர், ஸ்கார்மன், அவர் பக்கம்.

17/
1981-ல ஐரோப்பிய மனித உரிமை ஆணையமும் அவர் மனுவை ஏத்துக்கல. அவங்க கவனிச்ச ஒரு விஷயம்: வேலையில சேர்ந்தப்பவும், அதுக்கப்புறம் ஆறு வருஷமும் வெள்ளிக்கிழமை நேரம் வேணும்னு அவர் சொல்லவே இல்ல. நமக்குப் பாடம் ரெண்டு பக்கமும் இருக்கு. கேக்குறவர் முதல் நாளே கேக்கணும். கொடுக்குறவர் சம்பளத்தை வெட்டறதுக்கு முன்னாடி, அதே நேரத்தை வேற மணியில வாங்கிக்க முடியுமான்னு பார்க்கணும்.

18/
"மதச்சார்பற்ற அரசுல இதெல்லாம் எதுக்கு?"ங்கறவங்களுக்கு. ஞாயித்துக்கிழமை ஓபி ஏன் மூடியிருக்கு? வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போன நாள் நம்ம வார விடுமுறை ஆச்சு. எனக்கும் அது பிடிச்சிருக்கு, அன்னிக்கு நல்லா தூங்கறேன். காலண்டரே ஒருத்தருக்கு வசதியா அமைஞ்சிருந்தா அதை யாரும் சலுகைன்னு சொல்றதில்ல. அமையாதவர் கேட்டா மட்டும் சலுகையாயிடுது.

"அப்போ நாங்களும் கேப்போம்"னா, கேளுங்க. கிறிஸ்துமஸ் நைட் டியூட்டியோ வைகுண்ட ஏகாதசியோ, அதே ஒரு பக்கத் திட்டத்தோட வாங்க.

19/
எல்லா டியூட்டிக்கும் இது பொருந்தாது, அதையும் சொல்லிடறேன். கேஸ் நடுவுல இருக்கிற மயக்க மருந்து டாக்டரோ, தனியா கேஷுவாலிட்டி பார்க்கிறவரோ, ஐசியூ நர்ஸோ 12.45-க்குக் கிளம்ப முடியாது. அவங்களுக்கு முன்கூட்டியே கிளம்பறது வழி இல்ல, ஷிப்ட் மாத்திக்கிறதுதான் வழி. வெள்ளி மதியமோ நைட்டோ எடுத்துக்கட்டும்.

20/
திட்டம் ஓடுதா, பேருக்கு இருக்கான்னு கண்டுபிடிக்க கமிட்டி வேணாம். லேப் ரெஜிஸ்டர்ல சாம்பிள் வந்த நேரம், ரிப்போர்ட் போன நேரம் ரெண்டும் இருக்கு. நாலு வாரத்துக்கு வியாழன் 12.45 முதல் 2 வரைக்கும் வந்த சாம்பிள்களையும், வெள்ளி அதே நேரத்துல வந்ததையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. வெள்ளி லேட் ஆகுதுன்னா 12.15-ஐ 12 ஆக்குங்க, இல்ல ஈடு நேரத்தை மாத்துங்க. லேட் ஆகலைன்னா, வாயை மூடுங்க.

21/
கடைசியா பொறுப்புல இருக்கிற டாக்டர்களுக்கு, ஆபீஸ் சூப்பிரண்டெண்டுகளுக்கு: நல்லவரா இருந்து கண்டுக்காம விடாதீங்க. உக்காரச் சொல்லி, எத்தனை மணிக்குப் போறீங்க பாய், எப்போ திருப்பித் தருவீங்க, அந்த நேரம் யார் பார்ப்பாங்கன்னு மூணு கேள்வி கேட்டு, பதிலை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. அடுத்த ஆபீசர் வந்தாலும் அந்தப் பேப்பர் அங்கேயே இருக்கும்.