அட்டவணை நிரம்பினால் போதுமா?

தெருவில் நேர்காண வேண்டியவர்களில் ஆண்கள் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர், இளையோர் இத்தனை பேர் என்று முன்கூட்டியே எண்ணிக்கை வகுத்துக் கொடுத்து, அந்த எண்ணிக்கைகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விகிதங்களோடு ஒத்திருந்தால், கிடைக்கும் மாதிரி முழுச் சமூகத்தின் சிற்றுருவாகிவிடும் என்ற நம்பிக்கை கருத்துக்கணிப்புகளை வாசிப்போரிடம் மட்டுமல்ல, நடத்துவோரிடமும் வேரூன்றியிருக்கிறது. ஒதுக்கீட்டு மாதிரி எனப்படும் இம்முறையில் அட்டவணை எப்போதும் கச்சிதமாகப் பொருந்தும்; பொருந்தும்வரை ஆள் தேடுவதுதான் களப்பணியாளரின் வேலை என்பதால், அந்தப் பொருத்தம் எதற்கும் சான்றாகாது.

1948ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய கேலப் நிறுவனக் களப்பணியாளர் ஒருவருக்கு இடப்பட்ட ஒதுக்கீடு இதை நன்கு விளக்கும். அவர் 13 பேரை நேர்காண வேண்டும்; அவர்களில் 6 பேர் புறநகரில், 7 பேர் நகர்ப்பகுதியில் வசிக்க வேண்டும்; 7 பேர் ஆண்கள், 6 பேர் பெண்கள்; ஆண்களில் மூவர் 40 வயதுக்குக் கீழும் நால்வர் அதற்கு மேலும் இருக்க, ஒருவர் கறுப்பினத்தவராகவும் அறுவர் வெள்ளையராகவும் இருக்க வேண்டும்; அந்த அறுவரிலும் ஒருவர் 44 டாலருக்கு மேலும், இருவர் 18 டாலரோ அதற்குக் குறைவாகவோ, எஞ்சிய மூவர் இடைப்பட்ட அளவிலும் மாத வாடகை செலுத்துபவராக இருக்க வேண்டும். வாடகைவரை எட்டிய இந்தக் கட்டுப்பாடு, எந்த ஆறு பேர் என்ற ஒரே கேள்வியை மட்டும் களப்பணியாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

விருப்பம் என்பது இங்கே மோசடியைக் குறிக்காது. நேர்மையான பணியாளரும் நின்று பேச நேரமிருப்பவரை, முகங்கொடுத்துப் பேசுபவரை, தாம் அஞ்சாமல் நடமாடும் தெருவில் இருப்பவரைத்தான் அணுகுவார். ஒரே வாடகைப் பிரிவுக்குள்ளும் குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் சற்றே வசதியும் படிப்பும் மிக்கவர்களாய், சற்றே நல்ல தெருக்களில், எளிதில் அகப்படுபவர்களாய் இருந்தனர். இதன் விளைவைக் கற்பனைக் கணக்கொன்றில் காணலாம். ஒரு பிரிவில் பாதிப் பேர் பகலில் கடைத்தெருவில் தென்படுபவர்கள், அவர்களில் 40 விழுக்காட்டினர் ஜனநாயகக் கட்சியினர் என்றும், மறுபாதி ஆலைத் தொழிலாளர், அவர்களில் 60 விழுக்காட்டினர் அக்கட்சியினர் என்றும் கொண்டால், அப்பிரிவின் உண்மையான ஆதரவு 50 விழுக்காடு. நேர்காணப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் கடைத்தெருவினராக அமைந்துவிட்டால் கணிப்பு 46 ஆகிறது. பாலும் வயதும் வாடகையும் இம்மியும் பிசகவில்லை. ஆயிரம் பேரை ஐம்பதாயிரமாக்கினாலும் விடை அந்த 46ஐத்தான் இன்னும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும்.

கேலப் 1948இல் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரை நேர்கண்டு, குடியரசுக் கட்சியின் டூயி ஏறக்குறைய 50 விழுக்காடு வாக்குகளுடன் வெல்வார் என்று அறிவித்தது. அவர் பெற்றதோ 45, வென்றவர் ட்ரூமன். இறுதி வாரங்களில் வாக்காளர் மனம் மாறியதும், கணிப்பை முன்கூட்டியே நிறுத்தியதும் இதற்குக் காரணங்களே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றை மட்டும் சொல்லி மாதிரி முறையைத் தப்பவிடுவோர், அதற்கு முந்தைய மூன்று தேர்தல்களையும் பார்க்க வேண்டும்: குடியரசுக் கட்சிக்குக் கேலப் கணித்ததும் அக்கட்சி பெற்றதும் 1936இல் 44க்கு 38, 1940இல் 48க்கு 45, 1944இல் 48க்கு 46. தற்செயலான பிழை இருபுறமும் சிதறும். இது நான்கு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தது. வெற்றியாளரைச் சரியாகச் சொல்லிவிட்டதால் முதல் மூன்று முறை பெரும்பாலோர் சாய்வைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவே.

நிகழ்தகவு மாதிரியில் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு முன்பே அறியப்பட்டிருக்கும்; கூட்டல் கழித்தல் மூன்று விழுக்காடு என்று பிழை வரம்பு எழுதும் உரிமை அந்த அறிவிலிருந்தே பிறக்கிறது. தெரு ஒதுக்கீட்டில் அந்த வாய்ப்பு யாருக்கும் தெரியாது, சிலருக்கு அது சுழியமாகவும் இருக்கலாம். அப்படியிருக்க, அதன் கீழேயும் அதே பிழை வரம்பை அச்சிடுவது கடன் வாங்கிய நகையை அணிவதற்கு ஒப்பாகும். மேலும், பேச மறுத்து நகர்ந்தவரின் இடத்தில் அதே வயதுள்ள அடுத்தவர் உடனே அமர்த்தப்படுவதால், மறுத்தவர் எத்தனை பேர் என்பதற்குக்கூட அட்டவணையில் தடயம் எஞ்சுவதில்லை.

1948க்குப் பின் கேலப் நிறுவனம் ஆளைத் தெரிவுசெய்யும் உரிமையைக் களப்பணியாளரிடமிருந்து எடுத்து, எந்தத் தெரு, எந்த வீடு என்பதைத் தற்செயல் தேர்வுக்கு மாற்றியது. வீட்டில் இருப்பவர்களே எளிதில் சிக்குவார்கள் என்ற சிக்கல் அங்கும் தொடர்ந்தது. ஆனால் கடந்த சில மாலைகளில் எத்தனை நாள் இதே நேரத்தில் வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்டு, அரிதாக இருப்பவரின் விடைக்குக் கூடுதல் எடை தரும் வழியை போலிட்ஸ், சிம்மன்ஸ் இருவரும் 1949இலேயே முன்வைத்திருந்தனர். தெருமுனையில் நிற்கும் ஒதுக்கீட்டுப் பணியாளரின் படிவத்தில், இந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறீர்கள் என்ற கேள்வி இருப்பதில்லை.