அவசரம் என்னும் பொத்தானும் மலையேறும் கடைசிப் பேருந்தும்

வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கும், அங்கிருந்து அறுவை அரங்குக்கும் நோயாளியைத் தள்ளிச் செல்லும் அட்டெண்டரின் உழைப்பைப் பற்றி நம் ஆய்வுலகம் பேசுவது அரிது. பேச நேர்ந்தாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்: 'பேஜரைத் தூக்கிப்போட்டுச் செயலியைக் கொண்டுவாருங்கள், அவசர அழைப்பை முதலில் நிறுத்தினால் போதும்.' இந்த வரியை நான் மறுக்கிறேன்.

முன்னுரிமை நேரத்தை உற்பத்தி செய்வதில்லை. ஒருவரின் காத்திருப்பை எடுத்து இன்னொருவரின் தலையில் வைக்கிறது, அவ்வளவே. 1954இல் ஆலன் கோபம் வகுத்த சூத்திரத்தைக் கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். அட்டெண்டர் ஒருவர், ஒரு பயணம் 15 நிமிடம், அழைப்புகள் ஒழுங்கின்றி வருகின்றன, பணிநேரத்தில் 80 விழுக்காடு அவர் பயணத்திலேயே இருக்கிறார். வந்த வரிசைப்படி சென்றால் எல்லோரும் சராசரியாக 30 நிமிடம் காத்திருப்பர். நான்கில் ஓர் அழைப்பு மட்டும் அவசரம் என்றால், அவசர நோயாளிக்கு 7.5 நிமிடம், மற்றவர்க்கு 37.5 நிமிடம். இதை ஏற்கலாம்.

எல்லைப்புற மருத்துவமனை ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஆய்வுக்காக அமர்ந்திருந்த நாட்களில் ஒரு செவிலியரிடம், ஏன் எல்லாவற்றுக்கும் 'அவசரம்' அழுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "சாதாரணம்னு போட்டா யார் சார் வர்றாங்க?" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் தம் வார்டு நோயாளிக்கு உண்மையாக இருந்தார். ஆனால் எல்லா வார்டுகளும் அவ்வாறே செய்து, நான்கில் மூன்று அழைப்புகள் அவசரமாகும்போது அதே சூத்திரம் சொல்வது இது: அவசரத்துக்கு 15 நிமிடம், சாதாரணத்துக்கு 75 நிமிடம். மொத்தச் சராசரி அப்போதும் அதே 30. உண்மையான அவசர நோயாளியின் காத்திருப்பு இரட்டிக்கிறது. பொத்தானை அழுத்த ஆளில்லாதவர் ஒன்றேகால் மணி நேரம் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார்.

அந்த ஆளில்லாதவர் யார்? அட்டப்பாடியின் ஊர்களிலிருந்து மலைப்பாதை இறங்கி மண்ணார்க்காட்டுக்கும் பாலக்காட்டுக்கும் வருபவர். மறையூரிலிருந்து மூணாறுக்கு 40 கிலோமீட்டர் வளைந்து வரும் தமிழ்க் கூலித் தொழிலாளி. இடமலைக்குடியிலிருந்து காட்டுவழியே தோளில் சுமந்து இறக்கப்படும் முதுவர். செயலியின் கடிகாரம் பொத்தான் அழுத்தப்பட்ட கணத்தில்தான் ஓடத் தொடங்குகிறது. இவர்களுடைய நாளோ விடியுமுன்பே தொடங்கிவிட்டது. மாலையில் வீடு திரும்பும் நோயாளியை வாசல்வரை கொண்டுவிடுவது பட்டியலில் 'சாதாரணம்'. 75 நிமிடம் கழிந்தால் மலையேறும் கடைசிப் பேருந்து போய்விடும். அன்றிரவு அவர்க்கு மருத்துவமனைத் தாழ்வாரமே வீடு.

'இது சமூகப்பணி, மருத்துவம் அன்று' எனச் சிலர் எழுதுவர். அவர் இறங்காத கட்டிலில்தான் அவசரப் பிரிவில் காத்திருக்கும் அடுத்த நோயாளி படுக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பேஜர்க்காலத்தைப் போற்றி நான் இதை எழுதவில்லை. பேஜர் வெறும் எண்ணைக் காட்டியது. அட்டெண்டர் தொலைபேசியைத் தேடி ஓடினார். யார் எவ்வளவு நேரம் காத்தார் என்பதற்குத் தடயமே இல்லை. செயலி வரட்டும், வேறு விதிகளோடு. வயதாகும் முன்னுரிமையை லெனார்ட் கிளைன்ராக் 1964இலேயே எழுதினார்: காத்திருக்கக் காத்திருக்கச் சாதாரண அழைப்பின் மதிப்பும் ஏறும், அவசரத்தின் மதிப்பு அதைவிட விரைவாக ஏறும், ஆயினும் எவரும் முடிவின்றிப் பின்தள்ளப்படுவதில்லை. அத்துடன் 'எவ்வளவு அவசரம்?' என்ற கேள்வியை அகற்றிவிட்டு 'எத்தனை மணிக்குள்?' என்று கேளுங்கள். ஸ்கேன் அறை மூடும் நேரமும் பேருந்து புறப்படும் நேரமும் அந்தக் கட்டத்தில் எழுதப்படலாம். பெருக்கிச் சொல்வதும் கடினம்.

உயிர் போகும் நிலையிலுள்ளவரை மட்டும் இந்த வரிசையிலேயே சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே ஒருவரைத் தள்ளிச் செல்லும் அட்டெண்டர் அவரை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவர முடியாது. மேற்சொன்ன கணக்கில் அந்த ஒரு பயணம் முடிவதற்கே சராசரியாக 7.5 நிமிடம் போகும். எந்தப் பொத்தானாலும் அதைக் குறைக்க இயலாது. அவசரப் பிரிவின் வாசலில் ஒரு ஸ்ட்ரெச்சரும் ஓர் ஆளும் வேறு வேலையின்றி நிற்க வேண்டும். 'சும்மா நிற்கிறார்' என்று தணிக்கைக் குறிப்பு எழுதுவோர் அந்த 7.5 நிமிடத்துக்கும் பதில் எழுதட்டும்.

செயலியை ஏற்கெனவே நிறுவியுள்ள மருத்துவமனைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சராசரியைக் கேட்காதீர்கள், அது எப்போதும் அழகாகவே இருக்கும். வார்டுவாரியாக 'அவசரம்' என்ற குறியின் பங்கு மாதந்தோறும் ஏறுகிறதா என்று பாருங்கள். நோயாளிகளின் தன்மை மாறாமல் பங்கு மட்டும் ஏறினால் பொத்தான் பொருளிழந்துவிட்டது. பின்னர், மிக நீண்ட நேரம் காத்திருந்த பத்து அழைப்புகளை எடுத்து, அந்த நோயாளிகள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள்.