‘04/2026’ என்றால் மார்ச் 31

2025 ஜூலையில் வந்த அழகுசாதனப் பொருள் திருத்த விதிகள், நாம் லேபிளில் அச்சடிக்கும் ஒரு வரிக்குப் பொருள் சொல்லிவிட்டன. ‘யூஸ் பிஃபோர்’ என்று மாதம் போட்டால் அந்த மாதம் பிறக்கும் முன்பே பயன்படுத்திவிட வேண்டும். ‘எக்ஸ்பைரி’ என்று போட்டால் மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஆக ‘யூஸ் பிஃபோர் 04/2026’ என்ற சோப்பு, ஏப்ரல் முதல் வாரக் கண்காட்சிக்குப் பெட்டியில் ஏறவே கூடாது. மார்ச் 28 சனிக்கிழமை விற்றாலும், வாங்கியவருக்கு மிஞ்சுவது மூன்று நாள். ஒரு கட்டி சோப்பு ஒரு மாதம் போகும் என்று வைத்தால், பிப்ரவரியோடு அந்தச் சரக்கை நிறுத்துவதே நியாயம்.

தேதி பேட்சோடு வருவது, எனவே ஸ்டாலையும் பேட்ச் வாரியாகத்தான் நடத்த வேண்டும். மாலைக் கூட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் பேட்ச் எண் எழுத முடியாது என்பார்கள், உண்மைதான். எழுதத் தேவையில்லை. 120 ரூபாய் சோப்பில் பேட்ச் 11 இருபத்து நான்கு, பேட்ச் 12 பதினாறு கொண்டுபோனால், மேசையில் 11 மட்டும் இருக்கட்டும். 12 மேசைக்கடியில், மூடிய பெட்டியில். 11 தீர்ந்த நேரம், மாலை 4.10 என்று, நோட்டில் ஒரு வரி. அதுவரை வந்த சோப்புப் பணம், காலையில் போட்ட சில்லறை போக, ரொக்கமும் யுபிஐயும் சேர்ந்து 2,880 ஆக வேண்டும். குறைந்தால் பணம் விடுபட்டிருக்கிறது, இல்லை பேட்ச் கலந்திருக்கிறது. புதன்கிழமை ஒருவர் அரிக்கிறது என்று அழைத்தால், அவர் பணம் அனுப்பிய 5.35 மணியே அது 12 என்று காட்டிவிடும். மற்றவர்களை அழைக்க யுபிஐ உதவாது, எண் தெரியாது. விருப்பப்பட்டவரிடம் எண்ணும் நேரமும் எழுதி வாங்கும் அடிக்கட்டைச் சீட்டு அதற்குத்தான். பண்டிகை வாழ்த்து அனுப்ப அல்ல.

இவ்வளவையும் நம்மிடம் கேட்பதில் தவறில்லை. பரிசோதனைப் பதிவுகளை மூன்றாண்டு, அல்லது பேட்ச் காலாவதிக்குப் பின் ஆறு மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொல்வதும் சரி. ஆனால் மாதத்தின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, வெந்நீர்க் கொப்பரைக்கும் கோல்டு பிராசஸுக்கும் வித்தியாசம் இன்னும் தெரியவில்லை. சோப்புக்கென விதிகள் பரிந்துரைக்கும் கருவிப் பட்டியலில் டிரிபிள் ரோலர் மில்லும் பிளாடரும் நிற்கின்றன. எண்ணெயும் காரமும் கலந்து அச்சில் ஊற்றி, வெட்டி, நாலு வாரம் ஆறவிடுகிறவருக்கு அவற்றால் என்ன வேலை? பரிந்துரைதானே, கட்டாயமில்லையே என்று சமாதானம் சொல்லலாம். ஆய்வுக்கு வருபவர் கையில் இருப்பது அந்தப் பட்டியல்தான்; எது தேவையில்லை என்று நிரூபிக்கும் சுமை விண்ணப்பித்தவர் தலையில் விழுகிறது. 2020இல் விதிகளைப் புதிதாக எழுதியபோதே சிறு தயாரிப்பாளருக்கென ஒரு தனிப் பட்டியல் போட்டிருக்கலாம், போடவில்லை. உரிமமில்லாமல் ஸ்டால் போடுகிறவர்களைத் திட்டுவதற்கு முன் அதைப் போடட்டும். நாம் மார்ச் மாதச் சரக்கை இந்த வாரமே பிரித்து வைப்போம்.