சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?

தேன்கனிக்கோட்டையிலிருந்து என் சித்தி மகள் போன் செய்தாள். ஓசூர்க் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமாம். விளம்பரத்தின் அடியில், "எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிடாத விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா" என்று கண்டிப்பாகப் போட்டிருந்தார்கள். முகம் பார்க்குமுன் விலை கேட்கும் வழக்கம் புடவைக் கடையில்கூடக் கிடையாது!

உள்ளூர்க் கடையில் அவள் நாலு வருஷமாகக் கணக்கு எழுதுகிறாள். பிடித்தம் ஏதுமின்றி 15,000 கையில் வருகிறது. "ஆயிரம் கூட்டி 16,000 என்று எழுதட்டுமா, அக்கா?" என்றாள்.

பென்சிலை எடுக்கச் சொன்னேன். அந்த 16,000-இல் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் பிராவிடண்டு ஃபண்டுக்கு 1,200 போகும். மொத்தச் சம்பளத்தில் முக்கால் சதவீதம், அதாவது 120, இ.எஸ்.ஐ.க்கு. பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் 2,000. மிஞ்சுவது 12,680. பெரிய கம்பெனிக்குப் போய் மாதம் 2,320 குறைவாக வாங்குவாள்! ஃபண்டுப் பணம் அவளுடையதுதான்; ஆனால் அதைக் கொண்டு இந்த மாதம் பால்காரருக்குக் கொடுக்க முடியுமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் தோழி, "28,000 கேளடி" என்றாளாம். அது அத்திப்பள்ளிக்கு அப்பாலுள்ள விலை. அதில் ஹாஸ்டல் வாடகையும் சேர்ந்திருக்கிறது. ஓசூரில் அதை எழுதினால் விண்ணப்பத்தை மேலே படிக்கமாட்டார்கள். ஆகவே ஓசூரிலேயே இதே வேலை செய்யும் இரண்டு பெண்களை விசாரித்தாள். 19,000 முதல் 23,000 வரை என்றார்கள்.

"20,500 முதல் 22,500 வரை" என்று எழுதச் சொன்னேன். இரண்டு எண் எழுதினால் கம்பெனிக்காரர் கண்ணில் படுவது சின்ன எண்தான். அதனால் மனத்துக்குள் திருப்தியான தொகையையே கீழே வைக்க வேண்டும். பேரத்தில் இறங்கலாம் என்று 18,000 எழுதிவிட்டால் அதுவே சம்பளமாகிவிடும். 20,500-இல் அடிப்படை 12,000 ஆனால், பிடித்தமும் வழிச்செலவும் போக சுமார் 16,900 நிற்கும். இ.எஸ்.ஐ. வரம்பு 2017-இல் 21,000 ஆக உயர்த்தப்பட்டது. வரம்பைச் சற்றே தாண்டும் சம்பளம் கிடைத்தால் அந்த வைத்திய வசதி போய்விடும். பதிலுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் உண்டா என்று அப்போது கேட்க வேண்டும்.

எண்ணைவிட முக்கியம் அதன் பக்கத்தில் நிற்கும் வார்த்தைகள். அவள் இப்படி அனுப்பினாள்: "மாதச் சம்பளம், பிடித்தத்துக்கு முன், ரூ. 20,500 முதல் 22,500 வரை எதிர்பார்க்கிறேன். இதில் கம்பெனி செலுத்தும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு சேராது. வேலையின் பொறுப்பை அறிந்தபின் பேசிக்கொள்ளலாம்."

பேட்டியில், "20,500 தருகிறோம், சி.டி.சி." என்றாராம் மானேஜர். சி.டி.சி. என்றால் கம்பெனி கட்டும் பங்கும் அதற்குள் அடக்கம். சம்பளத்தில் சுமார் 2,000 கரைந்திருக்கும். இவள் தன் செய்தியைக் காட்டி, "நான் எழுதியது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம், சார்" என்றாள். அவர் ஒரு தரம் படித்துவிட்டு உத்தரவைத் திருத்தச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை வேலையில் சேருகிறாள்.